காஸ் குறைந்தால் எழுதிக் கேளுங்கள்



மடத்துவெளியில் இடியப்பம் அவித்து விற்கும் அக்கா ஒருவர், "பிள்ளை, 40 நாள் வாற காஸ் 33 நாளிலை முடிஞ்சிட்டுது. பதிஞ்சாலும் பிந்தித்தான் வருகுது. முகவரிட்டைச் சொன்னால் கேக்கிறாரில்லை" என்றார். நாட்கணக்கை முகவர் ஏற்கமாட்டார். நிறையை மறுக்க முடியாது.

அடுத்த சிலிண்டர் வந்ததும், முத்திரையை உடைக்காமல் மீன் நிறுக்கும் தராசில் நிறுத்தோம். வெற்றுச் சிலிண்டரின் நிறை 13.2 கிலோ என்று அதன் கழுத்து வளையத்தில் பொறித்திருந்தது. 12.5 கிலோ காசும் சேர்ந்தால் 25.7 கிலோ. தராசு காட்டியது 24.2. ஒன்றரைக் கிலோ குறைவு! கொண்டுவந்தவரிடமே பற்றுச்சீட்டில் அந்த நிறையை எழுதிக் கையொப்பம் வாங்கினோம். அவர் மறுத்திருந்தால் அயலவர் ஒருவரைச் சாட்சியாக வைத்திருப்போம்.

அன்றே அக்கா கடிதம் எழுதினார்:

"ஜனவரி 6இல் பதிந்த சிலிண்டர் (பதிவு இலக்கம் 0417) 15ஆந் திகதி வந்தது. பெப்ரவரி 17இல் பதிந்தது (இலக்கம் 0562) 27ஆந் திகதி, 1.5 கிலோ குறைவாக வந்தது. முத்திரை உடைக்கவில்லை. ஏழு நாட்களுள் மாற்றித் தரவும். தாமதத்திற்குக் காரணத்தை எழுத்தில் தரவும்."

திகதியையும் இலக்கத்தையும் பதியும்போதே கலண்டரில் குறித்து வைத்ததால்தான் இப்படி எழுத முடிந்தது. கடிதத்தின் பிரதியில் முகவரின் கையொப்பத்தையும் வாங்கினார். நான்காம் நாள் வேறு சிலிண்டர் வந்தது. தாமதத்திற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை.

முகவர் அசையாவிட்டால், வாங்கி மூன்று மாதத்துள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு அதே பிரதியுடன் எழுதலாம். அவர்களது தொலைபேசி இலக்கம் 1977.