இடம் மாறினால், முதல் வரியிலேயே சொல்லுங்கள்

கல்யாண வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்தும் சேலைப் படமும் ஓயாது. பலர் அறிவிப்பில் தெரியும் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டுக் கடந்துவிடுவார்கள். அந்த வரி "அன்பு உறவுகளே, இறைவன் அருளால்" என்று தொடங்கினால், இடம் மாறிய செய்தி அவர்கள் கண்ணில் படாது.

சிட்னிக் கல்யாணம் ஒன்று ஹெலன்ஸ்பர்க் கோயிலிலிருந்து மேஸ் ஹில் முருகன் கோயிலுக்கு மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். தவறான கோயிலுக்குப் போனவர் திரும்பி வருவதற்குள் தாலி கட்டி முடிந்திருக்கும். எனவே இப்படி எழுதலாம்:

"இடம் மாற்றம்: மேஸ் ஹில் முருகன் கோயில். ஹெலன்ஸ்பர்க் அல்ல. சனிக்கிழமை காலை 9 மணி, நேரத்தில் மாற்றமில்லை."

புதிய இடம்தான் முதலில் வர வேண்டும். "ஹெலன்ஸ்பர்க்கில் நடக்கவிருந்த" என்று தொடங்கினால், பாதியில் வெட்டுப்படும் வரியில் பழைய பெயர்தான் மிஞ்சும். காரணமும் மன்னிப்பும் கடைசியில் வரட்டும்.

பழைய செய்தியைத் திருத்தினால் போதாது. திருத்தத்துக்குப் புது அறிவிப்பு போகாது. புதிதாக அனுப்பி, குழுவின் மேலே பின் செய்யுங்கள். பழைய இடம் உள்ள அழைப்பிதழ் படம் கைமாறிக்கொண்டே இருக்கும், அதையும் மாற்றுங்கள்.

பதிலுக்கு "வாழ்த்துகள்" என்று மட்டும் வந்தால், அவர் படிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். "பார்க்கிங் எப்படி?" என்று கேட்பவர்தான் படித்தவர். மற்றவர்களுக்கு, குறிப்பாக அம்மம்மாவுக்கு, ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.