ஒத்திவைத்தார்கள், சரி, பதிவு என்ன ஆனது?



டிசம்பர் மழையால் எங்கள் ஊர் அரை மாரத்தான் பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. ஏற்கெனவே பதிந்தவர்கள் மறுபடி பதிய வேண்டாம் என்று ஒரு வரியில் கடிதம் வந்தது. நடுவில் எனக்கு 60 வயது நிறைந்துவிட்டது. ஓட்ட நாளன்று உள்ள வயதுதான் கணக்கு என்பது வழக்கம். ஆனால் கைக்கு வந்த மார்பு எண்ணின் சிப், என்னைப் பழைய பிரிவிலேயே வைத்திருந்தது. நேரில் போய்க் கேட்டபின்தான் மாற்றினார்கள்; கேட்காதவர்கள் கதி?

2020 டோக்கியோ மாரத்தான் பொது ஓட்டக்காரர்களுக்கு ரத்தானபோது, அவர்களிடம் 'அடுத்த ஆண்டு இடம் உண்டு, கட்டிய பணம் திரும்பாது, புதிதாகக் கட்ட வேண்டும்' என்றார்கள். கசப்புதான், ஆனால் குழப்பமில்லை. எங்கள் கடிதத்தில் பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. புதிய தேதியில் வர முடியாதவர் எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்றும் இல்லை.

– ஒரு வாசகர்