பெல்ட் சுருக்குப் பிடிக்கக் கூடாது, மறைக்க மட்டும்தான்



பெருநாளுக்கு நேரான அபாயாவில் பெல்ட் வைக்கும் ஆசை இப்போது பலருக்கு. "பெல்ட் கட்டினால் உடம்பில் ஒட்டும், கரை தூக்கும்" என்று மூத்தவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் என் கருத்தில் பிழை பெல்டில் இல்லை, வைக்கும் முறையில்தான்.

சுருக்குத் தைக்காமல் பெல்டை மட்டும் இறுக்கிக் கட்டினால் துணி முதுகில் ஒரே கட்டாகக் குவியும். முன்னால் வயிற்றில் ஒட்டும். கையை உயர்த்தினால் துணி மேலே ஏறும், பெல்ட் பிடித்துக்கொள்வதால் திரும்ப இறங்காது. கணுக்கால் தெரிவது அதனால்தான். எலாஸ்டிக் வைத்தாலும் அது இடுப்பைப் பிடிக்கத்தான் செய்யும்.

சுருக்கைப் பிடிக்க வேண்டியது உள்ளே தைக்கும் நாடா. ஓர் உதாரணம் சொல்கிறேன். அபாயாவின் இடுப்புச் சுற்று 48 அங்குலம், அணிபவரின் இடுப்பு 32, மார்பு 36 என்று வைப்போம். நாடாவை 38 அங்குலம் வெட்டுங்கள். இடுப்பில் 6 அங்குலம் தளர்வு இருக்கும், தலைவழியாகப் போடவும் முடியும். முன்திறப்பு இல்லாத உடுப்புக்கு மார்பளவை விட 2 அங்குலமாவது கூட வேண்டும்.

அபாயாவைப் போட்டுப் பார்த்து, இடுப்புக்கோட்டைச் சுற்றிவரச் சோக்கால் அடையாளமிடுங்கள். கோட்டுக்கு மேலே கால் அங்குலம், கீழே கால் அங்குலம் விட்டு, மெஷினின் மிக நீளமான தையலில் இரண்டு வரிசை ஓடுங்கள். முன்பக்கம் வேறு, பின்பக்கம் வேறாக, பக்கத்தையலில் தொடங்கிப் பக்கத்தையலில் முடியுங்கள். துணியையும் நாடாவையும் நான்காகப் பிரித்துக் குண்டூசி குத்துங்கள். துணியில் ஒவ்வொரு 12 அங்குலமும் நாடாவில் ஒன்பதரைக்குள் அடங்க வேண்டும். கீழ்நூல்களை மெதுவாக இழுத்துச் சுருக்கைச் சமமாகப் பரப்பி, இரண்டு வரிசைக்கும் நடுவே சாதாரணத் தையலில் நாடாவைப் பிடித்துத் தையுங்கள். பிறகு நீளத் தையல்களை உருவிவிடுங்கள்.

போட்டுப் பாருங்கள். மடிப்புகள் நேராகக் கீழே விழுந்தால் சரி. ஒரு பக்கமாகச் சரிந்தால் கோடு மட்டமாக இல்லை, அந்த இடத்தை மட்டும் பிரித்துத் தையுங்கள். மெல்லிய கிரேப், ஜோர்ஜெட் அழகாக விழும். விறைப்பான துணி குடைபோல விரிந்து நிற்கும், அதற்கு இந்த வேலை வேண்டாம்.

கடைசியாக, இரண்டு அங்குல அகலப் பெல்டைப் பக்கத்தையல்களில் வைத்த நூல் வளையங்களுக்குள் விட்டு, நாடா அளவுக்கே தளர்வாகக் கட்டுங்கள். உடுப்பு தோளிலிருந்து தொங்கும், இடுப்பை நெருக்காது, கரையும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

தைக்கக் கொடுப்பவர்கள் "பெல்ட் வைத்துத் தாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். "உள்ளே நாடா வைத்துச் சுருக்குப் பிடித்துத் தாங்க" என்று சொல்லி, நாடாவின் அளவையும் நீங்களே கொடுங்கள்.