நன்றி வேறு, சான்று வேறு



முனைவர் பட்ட ஆய்வேட்டை முடிக்கும் தறுவாயில் இருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மெய்ப்புப் பார்த்தவரையும் புள்ளியியல் சொல்லிக்கொடுத்த ஆசிரியரையும் துணைநூற்பட்டியலில் சேர்க்கவேண்டுமா, நன்றியுரையில் குறிப்பிட்டால் போதுமா?" அவருடைய ஆய்வு ஏரிப் பாசனம் பற்றியது.

மெய்ப்புப் பார்த்தவர் சந்திப்பிழைகளைக் களைந்தார், தொடர்களைச் சீராக்கினார். ஆய்வின் கருத்து எதுவும் அவரிடமிருந்து வரவில்லை. ஆகவே நன்றியுரையே அவருக்கு உரிய இடம். துணைநூற்பட்டியல், படிப்பவர் தேடிப்போய்ச் சரிபார்க்கக்கூடிய ஆதாரங்களுக்கானது. ஆனால், அவரே புதிதாக ஒரு பத்தி எழுதிச் சேர்த்திருந்தால் அது மெய்ப்பு அல்ல; நன்றி சொல்வதால் அந்தப் பத்தி உங்களுடையது ஆகிவிடாது.

புள்ளியியல் ஆசிரியர் விஷயத்தில்தான் கவனம் தேவை. கை-வர்க்கச் சோதனையை எப்படிச் செய்வது என்று கற்றுக்கொடுத்ததற்கு நன்றி போதும். எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5-க்குக் கீழே போனால் முடிவை எச்சரிக்கையோடு பார்க்கவேண்டும் என்று அவர் சொன்னதை எழுதுகிறீர்களா? அதற்குச் சான்று அவரல்ல, அதை விளக்கும் பாடநூல். நூலைப் படித்துவிட்டு அங்கேயே மேற்கோள் காட்டுங்கள்.

ஒரு நாள் அவர், "ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்களைத் தனியாகப் பிரித்துப் பாருங்களேன், ஏரியில் அவர்களுக்கு அக்கறை குறைந்திருக்கலாம்" என்று சொல்கிறார் என வைத்துக்கொள்வோம். அதுவே உங்கள் நான்காம் இயலின் மையக் கருத்தாக வளர்ந்தால், முன்பக்கத்து நன்றி போதாது. அவரிடம் அனுமதி பெற்று, அந்தக் கருத்து வரும் இடத்திலேயே பெயரையும் நாளையும் குறிப்பிடவேண்டும். ஏபிஏ முறையில் இதைத் தனிப்பட்ட உரையாடல் என்று அடைப்புக்குறிக்குள் காட்டுவார்கள். படிப்பவரால் தேடி எடுக்கமுடியாது என்பதால் பட்டியலில் சேர்ப்பதில்லை. எம்எல்ஏ முறையோ நேர்காணலைப் பட்டியலிலும் சேர்க்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் எந்த முறையைக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள், ஒப்புமைச் சோதனையிலிருந்து நன்றியுரை, முகவுரை, துணைநூற்பட்டியல் ஆகியவற்றை விலக்கிவிடுகின்றன. இயல்களில் உள்ள எழுத்துதான் சோதிக்கப்படுகிறது. "நன்றியுரையில் பெயர் போட்டிருக்கிறேனே" என்ற பதில் அங்கே எடுபடாது.

சந்தேகம் வந்தால் ஒன்று செய்யுங்கள். நன்றியுரைப் பக்கத்தை எடுத்துவிட்டு ஆய்வேட்டைப் படியுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஏதாவது ஒரு கருத்து நின்றால், அங்கே மேற்கோள் விடுபட்டிருக்கிறது. ஏட்டை நூற்கட்டுக்குக் கொடுக்கும் முன் அதைச் சரிசெய்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்