‘மல்லாக்கப் படுக்க வைங்க’ன்னு சொன்னா மட்டும் போதுமா? கைக்குழந்தையின் தூக்கமும், கேட்கப்படாத ஒரு கேள்வியும்!

பிரசவம் முடிந்து டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அம்மாவிடம் ஆயிரம் விஷயங்கள் சொல்லப்படும். அடுத்த தடுப்பூசி எப்போது, தொப்புளை எப்படிச் சுத்தமாக வைப்பது, காய்ச்சல் வந்தால் எங்கே வருவது என்று எல்லாமே ஃபைலில் இருக்கும். குழந்தை ராத்திரி எங்கே தூங்கப்போகிறது என்ற பேச்சு மட்டும் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: “மல்லாக்கப் படுக்க வைங்கம்மா.”

அந்த வரி நூறு சதவிகிதம் சரி. பிரச்னை, அது வீட்டுக்குப் போன மூன்றாவது நாளே தோற்றுவிடுகிறது என்பதுதான். ஏன் தோற்கிறது என்று யோசிக்காமல் அதே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் பயனில்லை. சொல்வதைக் குறைத்து, கேட்பதைக் கூட்ட வேண்டும்.

சிட்ஸ் என்றால் என்ன?

நன்றாக இருந்த குழந்தை, ஒரு வயது நிறைவதற்கு முன் தூக்கத்திலேயே இறந்துபோகிறது. பிரேதப் பரிசோதனை செய்து, குழந்தை தூங்கிய இடத்தை ஆராய்ந்து, மருத்துவ வரலாற்றையும் பார்த்த பிறகும் காரணம் கிடைக்கவில்லை என்றால், அதை ‘சிட்ஸ்’ என்கிறார்கள். திடீர் சிசு மரணம். இந்த மூன்றும் செய்யப்படாத இடங்களில் இதை உறுதிசெய்யவே முடியாது. அங்கெல்லாம் “பால் புரையேறிடுச்சு”, “அம்மா அசந்து தூங்கிட்டா” என்ற பேச்சோடு விஷயம் முடிந்துவிடும். பழி அந்தப் பெண் மீது விழும்.

இந்த மரணங்கள் 2 முதல் 4 மாதக் குழந்தைகளிடம்தான் அதிகம். ஏறக்குறைய 90 சதவிகிதம் 6 மாதத்துக்குள்ளேயே நடந்துவிடுகின்றன.

காரணம் முழுமையாகத் தெரியாது என்றாலும், என்ன நடக்கிறது என்பது ஓரளவு புரிந்திருக்கிறது. குப்புறப் படுத்த குழந்தையின் முகம் மெத்தையில் புதையும்போது, தான் வெளிவிட்ட காற்றையே அது மறுபடி உள்ளிழுக்கிறது. ஆக்ஸிஜன் குறைகிறது, கார்பன் டை ஆக்ஸைடு கூடுகிறது. பெரும்பாலான குழந்தைகள் உடனே விழித்து, தலையைத் திருப்பி, அழுதுவிடும். சில குழந்தைகளின் மூளையில் அந்த ‘எழுந்திரு’ என்ற எச்சரிக்கை மணி சரியாக அடிப்பதில்லை. எந்தக் குழந்தைக்கு அது அடிக்காது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க இன்று நம்மிடம் டெஸ்ட் இல்லை. அதனால்தான் எல்லாக் குழந்தைக்கும் ஒரே அறிவுரை.

பாதி தூரம் கூட்டிப்போன ஒரு வரி

மேற்கத்திய நாடுகளில் ஒரு காலத்தில் டாக்டர்களே குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார்கள். 1980-களின் கடைசியிலும் 1990-களின் தொடக்கத்திலும் வந்த ஆய்வுகள் அதைப் புரட்டிப்போட்டன. 1994-ல் அமெரிக்கா ‘பேக் டு ஸ்லீப்’ பிரசாரத்தைத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் அங்கே சிட்ஸ் மரணங்கள் பாதிக்கும் கீழே வந்தன. மருந்து இல்லை, மெஷின் இல்லை. படுக்கும் நிலையை மாற்றியதுதான் முக்கியக் காரணம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2000-க்குப் பிறகு அந்த இறங்குமுகம் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. தூக்கம் தொடர்பான சிசு மரணங்கள் அமெரிக்காவில் இன்றும் ஆண்டுக்குச் சுமார் 3,500. சோபாவில் அப்பாவின் மார்பு மேல், பெரியவர்களின் மெத்தையில், தலையணைக்கும் ரஜாய்க்கும் நடுவில் என, இவற்றில் பல மரணங்கள் நடக்கும் இடங்களுக்கு ஒற்றை வரி ஸ்லோகன் போய்ச் சேரவில்லை. நம் ஊர் கவுன்சலிங்குக்கும் பாடம் இதுதான்.

பாட்டியின் கேள்விக்குப் பதில் இருக்கிறதா?

நம் வீடுகளில் குழந்தையை எப்படிப் படுக்க வைப்பது என்று முடிவெடுப்பவர் பெரும்பாலும் பாட்டிதான். அவருடைய கேள்வி நியாயமானது: “மல்லாக்கப் போட்டா, பால் கக்கினா தொண்டையில அடைச்சுக்காதா?”

அடைத்துக்கொள்ளாது. காரணம் உடலமைப்பிலேயே இருக்கிறது. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் அதற்குக் கீழேயும் இருக்கும். எதுக்களித்து வரும் பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமென்றால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் போட்டால் இது தலைகீழாகிவிடும். பால் மூச்சுக்குழாயின் வாய்க்கே வழிந்து வரும். ஒருக்களித்துப் படுக்க வைப்பதும் நடுவழி இல்லை. அந்த நிலையிலிருந்து குழந்தை எளிதில் குப்புறச் சரிந்துவிடும்.

இந்த விளக்கத்துக்கு ஒரு நிமிடம் போதும். ஒரு பேப்பரில் இரண்டு கோடு போட்டே காட்டிவிடலாம். ஆனால் டிஸ்சார்ஜ் நேரத்தில் பாட்டி வெளியே மருந்துக்கடை வரிசையில் நிற்பார். விஷயம் தெரிய வேண்டியவர் அந்த அறையிலேயே இல்லை.

இரண்டாவது கவலை, தலை சப்பையாகிவிடும் என்பது. அதற்காகக் கடுகு தலையணை வாங்கி வைக்கிறார்கள். தூங்கும் குழந்தைக்கு ஒரு வயது வரை எந்தத் தலையணையும் வேண்டாம். பகலில் குழந்தை விழித்திருக்கும்போது, பெரியவர்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள, சில நிமிடங்கள் குப்புறப் போட்டு விளையாட விட்டால் போதும். கழுத்தும் பலமாகும், தலைக்கும் அழுத்தம் குறையும்.

“நேத்து ராத்திரி எங்க தூங்குச்சு?”

கேட்டுப் பேசும் கவுன்சலிங் எப்படி இருக்கும்? ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். குழந்தை 35-வது வாரத்தில், 2.1 கிலோ எடையில் பிறந்தது. இரண்டு வாரம் ஐ.சி.யு-வில் இருந்தது. இப்போது முதல் தடுப்பூசிக்கு வந்திருக்கிறார்கள். அம்மா ஐ.டி. ஊழியர், மகப்பேறு விடுப்பில் இருக்கிறார். பாட்டி ஊரிலிருந்து வந்திருக்கிறார். வீட்டில் ஏ.சி. உள்ள பெட்ரூம் ஒன்றுதான்.

நர்ஸ் “மல்லாக்கத்தானே போடுறீங்க?” என்று கேட்டால் “ஆமாம்” என்ற பதில்தான் வரும். “நேத்து ராத்திரி பாப்பா எங்கம்மா தூங்குச்சு? நடுவுல எழுந்தப்போ யார் தூக்குனாங்க?” என்று கேட்டால் கதை வெளியே வரும்.

பத்து மணிக்குத் தூளியில் போட்டார்கள். ஒரு மணிக்குப் பால் கொடுத்த பிறகு பெட்டில், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் படுத்தது. மூன்று மணிக்கு அழுகை நிற்கவில்லை. அம்மா தூங்கட்டும் என்று அப்பா ஹாலுக்குத் தூக்கிப்போய் சோபாவில் சாய்ந்தார், மார்பில் குழந்தையோடு அப்படியே தூங்கிப்போனார். ஏ.சி. குளிருக்குக் குல்லா, சாக்ஸ், மேலே ஒரு ரஜாய். காலையில் பாட்டி குப்புறப் போட்டார். “ஆஸ்பத்திரியிலயே அப்படித்தானே போட்டிருந்தாங்க!”

இதில் யாரும் அலட்சியமாக இல்லை. ஒவ்வொன்றும் அன்பில் செய்ததுதான். எதை முதலில் மாற்றுவது என்று வரிசைப்படுத்துவதுதான் நர்ஸின் வேலை.

முதலில் சோபா. குழந்தையோடு தூங்கிப்போக மிக ஆபத்தான இடம் அதுதான். இடுக்கில் முகம் புதைந்தால் பெரியவருக்குத் தெரியாது. “கண்ணு சொக்குதுன்னா சோபாவுக்குப் போகாதீங்க சார். பாப்பாவை அதோட இடத்துல படுக்க வெச்சுட்டு, அம்மாவை எழுப்புங்க” என்று அப்பாவிடம் நேரடியாகச் சொல்ல வேண்டும்.

அடுத்தது ஐ.சி.யு. விஷயம். குறைமாதக் குழந்தையைச் சில நேரம் அங்கே குப்புறப் படுக்க வைப்பது உண்மைதான். ஆனால் அங்கே மூச்சையும் இதயத் துடிப்பையும் மானிட்டர் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் அது இல்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்லாவிட்டால், பாட்டி ஆஸ்பத்திரியைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்வார். வீட்டுக்கு அனுப்புவதற்குப் பல நாள்கள் முன்பே மல்லாந்து தூங்கப் பழக்கிவிட வேண்டும் என்கின்றன குழந்தைநல வழிகாட்டுதல்கள்.

மூன்றாவது, நடுவில் படுக்க வைப்பது. ஒரே அறை அவசியம், ஒரே மெத்தை வேண்டாம் என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2022 அறிவுரை. குறைமாதம், எடை குறைவு, வீட்டில் யாராவது புகைப்பது, மது, தூக்கம் வரவைக்கும் மருந்து ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரே படுக்கை கூடாது. இந்தக் குழந்தைக்கு முதல் இரண்டும் இருக்கின்றன. அம்மாவின் கை எட்டும் தூரத்தில், சமமான, அழுத்தினால் குழியாத தனிப் படுக்கை போதும். கட்டில் விற்பவர் சொல்லும் விலையில் தொட்டில் வாங்க வேண்டியதில்லை.

இருந்தும் நள்ளிரவில் பால் கொடுத்தபடி அம்மா அசந்துவிடலாம். “தூங்காதீங்க” என்று சொல்வதில் அர்த்தமில்லை. பால் கொடுக்கும் பெட்டிலிருந்து தலையணை, ரஜாயை முன்பே எடுத்துவிட்டு, விழிப்பு வந்ததும் குழந்தையை அதன் இடத்துக்கு மாற்றச் சொல்லலாம். இது நடக்கக்கூடிய அறிவுரை.

நான்காவது, குல்லாவும் ரஜாயும். சூடு அதிகமாவதும் ஆபத்துதான். கை, கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவுசெய்யக் கூடாது. நெஞ்சையோ பின்கழுத்தையோ தொட்டுப் பார்க்க வேண்டும். வேர்த்திருந்தால் துணி அதிகம். வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா தேவையில்லை.

தூளியை என்ன செய்வது?

தூளி நம் எல்லோருக்கும் செல்லமானது. அதனால்தான் இதைப் பேசத் தயங்குகிறார்கள். துணி வளைந்து தொங்கும்போது குழந்தையின் முதுகும் வளைகிறது, தாடை நெஞ்சில் முட்டுகிறது, மெல்லிய மூச்சுப்பாதை மடங்குகிறது. முகத்தை ஒட்டித் துணியும் இருக்கிறது. “தூளியே கட்டாதீங்க” என்றால் வீட்டில் யாரும் கேட்கப்போவதில்லை. “தூளியில ஆட்டித் தூங்க வைக்கும்போது பக்கத்துலயே இருந்து முகத்தைப் பாருங்க, தூங்கினதும் எடுத்துச் சமமான படுக்கையில மல்லாக்கப் போடுங்க” என்றால் கேட்க வாய்ப்பிருக்கிறது.

வாய்ப்பு கையிலேயே இருக்கிறது

இதற்குப் புதிய திட்டம் எதுவும் தேவையில்லை. தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி குழந்தைகள் 6, 10, 14-வது வாரங்களில் ஊசிக்கு வருகிறார்கள். ஆபத்து உச்சத்தில் இருக்கும் 2 முதல் 4 மாதக் காலத்தோடு அது பெரும்பாலும் பொருந்துகிறது. (இந்த ஒற்றுமையால்தான் ஊசிமீது சந்தேகம் வந்தது, ஆய்வுகள் அதை மறுத்துவிட்டன.) ஊசி போட்ட பிறகு எப்படியும் அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். அந்த அரை மணியில், பாட்டியையும் அப்பாவையும் கூப்பிட்டு உட்காரவைத்து, நேற்று ராத்திரி கதையைக் கேட்கலாம்.

மூன்று முறையும் கேட்க வேண்டும், ஏனென்றால் பதில் மாறிக்கொண்டே இருக்கும். 6-வது வாரத்தில் துணியில் இறுகச் சுற்றித் தூங்கிய குழந்தை, 14-வது வாரத்தில் புரண்டுபடுக்க முயற்சி செய்யும். அந்த அறிகுறி தெரிந்த நாளே சுற்றுத்துணியை நிறுத்த வேண்டும். மல்லாந்தே தூங்கிப் பழகிய குழந்தையை, யாரோ ஒருவர் ஒரே ஒரு ராத்திரி குப்புறப் போட்டால் ஆபத்து இன்னும் அதிகம். பகலில் பார்த்துக்கொள்ளும் அத்தைக்கும், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு குழந்தையை இழக்க நேரலாம். அப்போது அந்த அம்மாவைக் குற்றவாளியாக நிறுத்தக் கூடாது. ஆனால் தவிர்க்க முடிந்ததைத் தவிர்க்கும் பொறுப்பை, டிஸ்சார்ஜ் ஃபைலில் ஒரு வரியாக எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டு மருத்துவமனைகள் ஒதுங்கிக்கொள்ளவும் கூடாது.