ரத்து செய்த பிறகும் தொடரும் கட்டணம்: தங்கவயல் வாசிகள் எங்கே முறையிடுவது?

கோலார்: சேவை ரத்தானதை நிறுவனமே உறுதி செய்த பின்னரும் மாதக் கட்டணம் வசூலிக்கப்பட்டால், தங்கவயலில் வசிப்பவர் அந்நிறுவனத்தின் தலைமையகம் உள்ள நகருக்குச் செல்ல வேண்டியதில்லை. கோலாரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே முறையிடலாம்.

2020 ஜூலை 20-இல் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ பணிபுரியும் இடத்திலோ வழக்குத் தொடர அனுமதிக்கிறது. மாரிக்குப்பத்திலிருந்து ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர், இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யலாம்.

தொலைத்தொடர்புக் கட்டணத் தகராறுகள் நுகர்வோர் ஆணையங்களின் வரம்புக்குள் வராது என்று நிறுவனங்கள் நீண்டகாலம் வாதிட்டு வந்தன. மாத வாடகை ரூ.249 கொண்ட கைப்பேசி இணைப்புக்கு 2013-இல் ரூ.24,609 கட்டணம் விதிக்கப்பட்டதாக அகமதாபாத் நுகர்வோர் ஒருவர் தொடர்ந்த வழக்கில், வோடஃபோன் ஐடியா நிறுவனம் முன்வைத்த அந்த வாதத்தை 2022 பிப்ரவரி 16-இல் உச்சநீதிமன்றம் நிராகரித்தது. இதனால் பிராட்பேண்ட், கைப்பேசி இணைப்புகள் குறித்த புகார்களுக்கும் வழி தெளிவாகியுள்ளது.

உதாரணமாக, ராபர்ட்சன்பேட்டை வீடு ஒன்றின் பிராட்பேண்ட் இணைப்பு ஜூன் 3-இல் ரத்தாகிறது. எனினும் ஜூலை, ஆகஸ்டில் தலா ரூ.700 பிடிக்கப்படுகிறது என்று கொள்வோம். வழக்கின் பலம், நிறுவனம் அனுப்பிய குறுஞ்செய்தியின் வாசகத்தில் உள்ளது. 'கோரிக்கை பெறப்பட்டது' என்பது ரத்து அல்ல. 'சேவை நிறுத்தப்பட்டது' என்பதே உறுதிப்படுத்தல். மோடத்தைத் திருப்பி அளித்ததற்கான ரசீது, பணம் பிடிக்கப்பட்டதைக் காட்டும் வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவையும் அவசியம். சேவை ரத்தானாலும் வங்கியில் அளித்த தானியங்கிக் கட்டண அனுமதி தானாக முடிவதில்லை என்பதால், அதைத் தனியே ரத்து செய்ய வேண்டும்.

முதலில் நிறுவனத்துக்கு எழுத்துபூர்வமாகப் புகார் அளித்து, பின்னர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அணுகலாம். அங்கு சமரசத்துக்கு முயற்சிக்கப்படும். நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் உத்தரவு கிடைக்காது. தீர்வு கிட்டாவிடில், பணம் பிடிக்கப்பட்ட 2 ஆண்டுகளுக்குள் ஆணையத்தில் நேரிலோ இணையவழியிலோ புகார் தாக்கல் செய்யலாம். சேவைக்காகச் செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. மேற்கண்ட உதாரணத்தில் ரூ.1,400-உடன் வட்டி, மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றையும் கோரலாம்.

டெல்லியில் உள்ள மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் பணி வேறு. பலரைப் பாதிக்கும் நடைமுறையைத் தடுப்பதே அதன் நோக்கம். சந்தாவிலிருந்து விலக முடியாதபடி சிக்கவைப்பதை அது 2023 நவம்பர் 30-இல் வெளியான வழிகாட்டுதல்களில் தடை செய்துள்ளது. தனிநபர் இழப்பீட்டுக்கு மாவட்ட ஆணையமே வழி.

நிறுவனத்துக்கு நோட்டீஸ் கிடைத்த 3 மாதங்களுக்குள் தீர்வு காண முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இந்தக் காலவரம்பு பல வழக்குகளில் மீறப்படுகிறது. ரூ.1,400-க்காக எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்பதே இத்தகைய வசூல் தொடர இடமளிக்கிறது.