சரண்டர் மனுவில் காரணம் எழுதுமுன்...

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் நிலங்களில் ஆண்டுக்கு ஒரு போகந்தான். ஆவணியில் கோடை உழவு முடிந்து, புரட்டாசியில் பருவமழைக்கு முன் விதைப்பு தொடங்கிவிடும். டிராக்டர் வாடகை, விதை, அடியுரம் ஆகிய மூன்றுக்கும் அந்த ஒரு மாதத்திலேயே பணம் தேவைப்படும். ஆனால் உளுந்து, பாசி வீட்டுக்கு வருவது தை மாதத்தில். மக்காச்சோளம் தை, மாசியிலும், பருத்தி அதற்கும் பின்னரும் வரும். இடையில் உள்ள நான்கைந்து மாதங்கள்தான் மானாவாரி விவசாயிக்குக் கைமுடை காலம். வீட்டில் பெட்டிக்குள் இருக்கும் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியின் நினைவு வருவதும் அப்போதுதான்.

பாலிசியைத் திருப்பிக் கொடுத்து, அதற்குரிய சரண்டர் மதிப்பைப் பெற்றுக்கொள்ளும் உரிமை பாலிசிதாரருக்கு உண்டு. இதற்காக எழுதும் மனுவில் காரணத்தையும் குறிப்பிடும்படி அலுவலகத்தில் கேட்பது வழக்கம். பெரும்பாலோர் 'குடும்பச் செலவு' அல்லது 'பணத் தேவை' என்று எழுதிக் கையெழுத்திட்டுவிடுகின்றனர். எந்தக் காரணத்தை எழுதினாலும் கிடைக்கும் தொகை ஒரு ரூபாய்கூடக் கூடுவதில்லை, குறைவதுமில்லை. ஆயினும் அந்த ஒரு வரியை எழுதுபவர் உண்மையாகவும் விவரமாகவும் எழுதினால், சரண்டர் செய்வதுதான் சரியா என்பது அவருக்கே தெரிந்துவிடும். இந்த வட்டாரத்தில் சரண்டர் செய்வோரிற் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது சரண்டர் தொகை அல்ல, ஆறு மாதக் கடன்தான்.

ஒரு கணக்கு

நாற்பது வயதைத் தாண்டிய ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். இவர் 20 ஆண்டுக் காலத்துக்கு ரூ. 2,00,000 காப்பீட்டுத் தொகையுள்ள எண்டோமென்ட் பாலிசி எடுத்திருக்கிறார். ஆண்டுப் பிரீமியம் ரூ. 10,000. எட்டு ஆண்டுகள் தவறாமல் கட்டி, ரூ. 80,000 செலுத்தியுள்ளார். ஆயிரத்துக்கு ஆண்டுக்கு ரூ. 40 வீதம் போனஸ் அறிவிக்கப்பட்டதாகக் கொண்டால், எட்டு ஆண்டுகளில் ரூ. 64,000 போனஸ் சேர்ந்திருக்கும். இவை கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள். ஒவ்வொரு பாலிசிக்கும் இவை வேறுபடும்.

கட்ட வேண்டிய இருபது பிரீமியங்களில் எட்டைக் கட்டியுள்ளதால், காப்பீட்டுத் தொகையில் இருபதில் எட்டுப் பங்கு, அதாவது ரூ. 80,000, இவருக்கு உரியதாகிவிட்டது. இதற்குப் 'பெய்ட்-அப்' மதிப்பு என்று பெயர். போனஸையும் சேர்த்தால் ரூ. 1,44,000. ஆனால் இது பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து முதிர்வு நாளில் கிடைக்க வேண்டிய தொகை. இன்றே வேண்டுமென்றால், பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்புக்கு உரியதைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். அவ்வாறு கழித்து நூற்றுக்கு 40 வீதம் கணக்கிட்டால் சரண்டர் மதிப்பு ரூ. 57,600 ஆகும். கட்டியது ரூ. 80,000, கையில் வருவது ரூ. 57,600. இதைக் கண்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்படுவோர் உண்டு. எட்டு ஆண்டுகளும் அவர் உயிருக்கு இருந்த பாதுகாப்பின் செலவும், தொடக்க ஆண்டுகளின் கமிஷன் முதலிய செலவுகளும், முன்கூட்டிப் பெறுவதற்கான கழிவுமே இந்த வித்தியாசம்.

இதே பாலிசியின் பேரில் கடன் கேட்டால் என்ன கிடைக்கும்? பிரீமியம் பாக்கியில்லாத பாலிசிக்குச் சரண்டர் மதிப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் வரை கடன் தருவது ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் வழக்கம். மேற்படி விவசாயிக்குச் சுமார் ரூ. 51,000 கிடைக்கும். ஆண்டுக்கு 10 சதவீதம் வட்டி என்று கொண்டால், புரட்டாசியில் வாங்கி மாசி, பங்குனியில் அடைப்பதற்கு ஆறு மாத வட்டி ரூ. 2,550.

இப்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். சரண்டர் செய்தால், கடனில் கிடைப்பதைவிட ரூ. 6,600 மட்டுமே கூடுதலாகக் கைக்கு வரும். அதற்கு விலையாக அன்றோடு பாலிசி முடிந்துபோகும். கார்த்திகை மாதத்தில் வயலில் அவருக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால், குடும்பத்துக்கு அந்தப் பாலிசியிலிருந்து ஒன்றும் கிடையாது. கடன் வாங்கியிருந்தாலோ, காப்பீட்டுத் தொகை ரூ. 2,00,000-த்துடன் சேர்ந்த போனஸும் உண்டு. அதில் கடனையும் வட்டியையும் கழித்துக்கொண்டு மீதியைக் குடும்பத்துக்குத் தருவார்கள். மழையை நம்பிக் கடன்பட்டு விதைக்கும் ஒரு குடும்பத்துக்குப் பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் மாதங்கள் அவைதாம். அந்த மாதங்களின் தொடக்கத்தில் பாலிசியை ஒப்படைப்பது, மழைக்காலம் பிறக்கும்போது கூரையைப் பிரித்து விற்பதற்கு ஒப்பாகும்.

காரணத்துக்கு ஏற்ற வழி

ஆகவே, 'பணத் தேவை' என்று பொதுவாக எழுதாமல், தேவை என்ன, அது எவ்வளவு காலத்துக்கு என்பதை எழுதிப் பார்க்க வேண்டும். 'மக்காச்சோள விதைப்புக்கு ரூ. 50,000 வேண்டும். அறுவடைக்குப் பின் திருப்ப முடியும்' என்பது காரணமானால், அது கடனுக்கான காரணம். முதலில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்க வேண்டும். உரிய தவணைக்குள் அடைப்பவருக்குத் தமிழ்நாட்டில் இக்கடனுக்கு வட்டியில்லை. அது கிடைக்காவிட்டாலோ போதாவிட்டாலோ, பாலிசிக் கடனை நாடலாம்.

'இனிப் பிரீமியம் கட்ட இயலாது' என்பது காரணமானாலும், உடனே சரண்டர் செய்யத் தேவையில்லை. போதிய ஆண்டுகள் கட்டிய பாலிசியைப் பெய்ட்-அப் ஆக விட்டுவைக்கலாம். மேற்படி விவசாயி இனி ஒரு காசும் கட்டாவிட்டாலும், ரூ. 80,000-மும் ஏற்கெனவே சேர்ந்த போனஸும் முதிர்வின்போது கிடைக்கும். இடையில் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும். முழுப் பாதுகாப்பும் புதிய போனஸும் மட்டும் நின்றுபோகும்.

'பழைய பாலிசி லாபமில்லை, இதை முடித்துவிட்டுப் புதியது எடுக்கச் சொன்னார்கள்' என்பது காரணமானால், மனுவை மடித்து வைத்துவிடுவதே நல்லது. வயது கூடியிருப்பதால் புதிய பாலிசிக்குப் பிரீமியம் கூடும். தொடக்க ஆண்டுச் செலவுகளை மறுபடியும் சுமக்க வேண்டும். பாலிசி எடுத்தபோது கூறிய விவரங்களைக் காட்டி நிறுவனம் ஆட்சேபிக்கக்கூடிய மூன்றாண்டுக் காலமும் புதிதாகத் தொடங்கும். எட்டு ஆண்டுகள் கடந்த பாலிசிக்கு இந்தக் கவலை நீங்கிவிட்டது. புதிய பாலிசியில் நிச்சயமாக வருமானம் பெறுபவர் அதை விற்பவரே.

அப்படியானால் சரண்டர் செய்வது எப்போதுமே தவறா? அப்படியல்ல. விளைச்சலோ வேறு வருமானமோ வந்து கடனை அடைக்கும் வழியே தென்படவில்லை, பிரீமியமும் கட்ட இயலாது, ஆனால் பணம் கட்டாயம் வேண்டும் என்றால், சரண்டர்தான் நேர்மையான வழி. அந்நிலையில் கடன் வாங்கினால் வட்டி ஆண்டுக்கு ரூ. 5,000-க்கு மேல் முதலோடு சேர்ந்துகொண்டே போகும். பிரீமியமும் நின்றுபோன பாலிசியில், கடனும் வட்டியும் சேர்ந்து சரண்டர் மதிப்பைத் தாண்டினால் பாலிசியே முடிக்கப்பட்டுவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தூத்துக்குடி மாவட்டத்து மானாவாரிப் பயிர்கள் அழிந்ததைப் போன்ற ஆண்டும் வரும். அத்தகைய ஆண்டிலும் பாலிசிக் கடனின் வட்டியையாவது கட்டிவிடுவது, கடன் வாங்குவோர் மறக்கக் கூடாத நிபந்தனையாகும்.

எத்தனை ஆண்டு கட்டியிருந்தால் சரண்டர் மதிப்பு உண்டு என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1938-ம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின்படி நெடுங்காலம் மூன்று ஆண்டுப் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி அமைந்த புதிய திட்டங்களில், ஓராண்டுப் பிரீமியம் முழுதும் கட்டி அவ்வாண்டு நிறைவுற்றாலே ஓரளவு மதிப்பு கிடைக்கிறது. பழைய பாலிசிக்கு அதன் பத்திரத்தில் அச்சிட்டுள்ள நிபந்தனையே பொருந்தும்.

இரண்டு மனுக்கள்

ஒரே நாளில் ஒரே மனுவில் காரியத்தை முடித்துவிடக் கூடாது. பாலிசியைப் பராமரிக்கும் கிளைக்கு முதலில் விவரம் கேட்டு மட்டும் ஒரு மனு கொடுக்க வேண்டும். அது பின்வருமாறு அமையலாம்:

'ஐயா, மேற்கண்ட எண்ணுள்ள என் பாலிசிக்கு எட்டு ஆண்டுப் பிரீமியம் செலுத்தியுள்ளேன். மானாவாரி விதைப்புச் செலவுக்காக எனக்கு ரூ. 50,000 தேவைப்படுகிறது. இன்றைய தேதியில் இதன் சரண்டர் மதிப்பு எவ்வளவு, கிடைக்கக்கூடிய கடன் எவ்வளவு, கடனுக்கு வட்டி வீதம் என்ன, பெய்ட்-அப் ஆக விட்டால் முதிர்வில் எவ்வளவு கிடைக்கும் என்ற நான்கு விவரங்களையும் எழுத்து மூலம் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.'

இந்த மனுவால் பாலிசிக்கு எந்தப் பாதகமும் இல்லை. பதில் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவி, மக்களுடன் இருந்து கணக்குப் பார்க்க வேண்டும். முடிந்துபோகும் பாதுகாப்பு அவர்களுக்கு உரியது அல்லவா?

அதன் பிறகும் சரண்டர்தான் என்று முடிவானால், இரண்டாவது மனு: 'என் பாலிசியைச் சரண்டர் செய்ய விரும்புகிறேன். தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் விளைச்சல் பொய்த்ததால் பிரீமியம் செலுத்தவோ, கடன் பெற்றுத் திருப்பவோ இயலாத நிலை. கடன், பெய்ட்-அப் ஆகிய வழிகளை அறிந்தே இம்முடிவுக்கு வந்துள்ளேன். தொகையை என் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு வேண்டுகிறேன்.' இவ்வாறு நடந்தது நடந்தபடி எழுதினாலே போதும். நோய், மருத்துவச் செலவு என்று இல்லாததை எழுதுவதால் எந்தச் சலுகையும் கிடைப்பதில்லை.

மனுவுடன் அசல் பாலிசிப் பத்திரம், சரண்டர் பற்றுச்சீட்டுப் படிவம், அடையாள அட்டை நகல், வங்கிக் கணக்கு விவரத்துடன் ரத்து செய்த காசோலை அல்லது பாஸ் புத்தக முதற்பக்க நகல் ஆகியவை வேண்டும். பத்திரம் கடனுக்கு ஈடாக வங்கியில் இருந்தால், அதை முதலில் மீட்க வேண்டும். பற்றுச்சீட்டில் தொகை நிரப்பப்படாமல் இருந்தால் கையெழுத்திடக் கூடாது. நிரப்பிய தொகை, முன்பு எழுத்தில் பெற்ற விவரத்தோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேதி தள்ளியதால் வந்த சிறு வித்தியாசத்துக்கு அதிகமாக மாறுபட்டால், காரணம் கேட்ட பிறகே கையெழுத்திட வேண்டும். எல்லாவற்றையும் ஒப்படைக்கும்போது நகலில் முத்திரையுடன் தேதியிட்ட ஒப்புகை பெறுவது அவசியம்.

தொகை கணக்கில் ஏறிவிட்டால், பாலிசியை மீண்டும் உயிர்ப்பிக்க வழியில்லை. பிரீமியம் கட்டத் தவறியதை ஐந்து ஆண்டுகளுக்குள் புதுப்பித்துக்கொள்ளலாம். கடனை அறுவடைக்குப் பின் அடைக்கலாம். சரண்டர் ஒன்றுதான் திரும்பி வராதது. ஆகவே காரணத்தை எழுதும் அந்த வரியில், தேவைக்குரிய காலம் ஒரு போகமா, இல்லை அதற்கும் மேலா என்பதை விவசாயி முதலில் எழுதிப் பார்க்கட்டும். ஒரு போகத் தேவைக்குப் பாலிசியை முடித்துக்கொள்ளலாகாது.